எக்ஸ்ரேயைப் பார்க்காதவரும் வரையும்படி முறிவை எழுதுவது

"டிபியா முறிந்திருக்கிறது, சற்று விலகியிருக்கிறது" என்று விடைத்தாளில் எழுதினால் அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் மதிப்பெண்ணும் கிடைக்காது. டிபியாவின் எந்த இடம், கோடு எப்படி ஓடுகிறது, எது எதைவிட்டு எந்தப் பக்கம் எவ்வளவு போயிற்று என்று எதுவும் அந்த வரியில் இல்லை. எலும்பியல் விடையில் முறிவைச் சொல்வதென்றால், படத்தைப் பார்க்காத ஒருவர் உங்கள் வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு அதே முறிவைத் தாளில் வரைய முடிய வேண்டும். இடம், வடிவம், விலகல், கோணல், சுழற்சி என்ற ஐந்தும் அந்த ஓவியத்துக்குத் தேவையான ஐந்து கோடுகள்.

எல்லாவற்றையும் ஒரே படத்தை வைத்துப் பார்ப்போம். வளர்ந்த ஆள் ஒருவரின் வலது கால். முன்பின்னாக எடுத்த ஏபி படம் ஒன்று, பக்கவாட்டில் எடுத்த லேட்டரல் படம் ஒன்று. இரண்டிலும் முழங்காலும் கணுக்காலும் தெரிகின்றன. டிபியாவில் நீளமான ஒரு முறிவு. ஃபைபுலா அதே மட்டத்தில் முறியாமல், மேலே அதன் கழுத்துக்குச் சற்றுக் கீழே முறிந்திருக்கிறது.

எழுதத் தொடங்கும் முன் ஒரு விதி

கை கால் எலும்புகளில் விலகல், கோணல், சுழற்சி மூன்றையும் எப்போதும் டிஸ்டல் துண்டை வைத்தே சொல்கிறோம். மேல்த்துண்டு அசையாமல் நிற்கிறது என்று வைத்துக்கொண்டு, உடம்பிலிருந்து தள்ளியிருக்கும் கீழ்த்துண்டு எங்கே போயிற்று என்று சொல்ல வேண்டும். ஃபீமரின் மேல்பகுதி முறியும்போது உண்மையில் மேல்த்துண்டைத்தான் தசைகள் இழுத்துத் திருப்புகின்றன. அப்போதும் இந்த வழக்கம் மாறுவதில்லை, மேல்த்துண்டின் நிலையைத் தனி வாக்கியமாகச் சேர்த்துக்கொள்ளலாம். முதுகெலும்பு இதற்கு விலக்கு. அங்கே மேல் முள்ளெலும்பு கீழ் முள்ளெலும்பின் மீது எப்படி நகர்ந்தது என்று சொல்வதே வழக்கம்.

ஆகவே "50 சதவீதம் வெளிப்புறம் விலகியுள்ளது" என்பது அரை வாக்கியம். "டிஸ்டல் துண்டு வெளிப்புறமாக 50 சதவீதம் விலகியுள்ளது" என்பதே முழு வாக்கியம். முதலில் எழுவாயை எழுதிவிட்டு மற்றதை எழுதும் பழக்கம் வந்தால் பாதித் தவறுகள் தாமாகவே குறைந்துவிடும்.

விடையின் முதல் வரி படத்தைப் பற்றியது: யாருடைய படம், எந்தப் பக்கம், எந்தெந்தக் கோணத்தில் எடுத்தது, மேல் மூட்டும் கீழ் மூட்டும் தெரிகின்றனவா, வளர்ச்சித் தட்டுகள் மூடிவிட்டனவா. குழந்தையின் எலும்பில் வளர்ச்சித் தட்டு திறந்திருந்து முறிவு அதைத் தொட்டால் சால்டர்-ஹாரிஸ் வகையையும் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், தட்டு மூடியிருக்கிறதா என்ற ஒரு சொல்லைத் தவறவிடக் கூடாது. நம் படத்தில் தட்டுகள் மூடிவிட்டன.

இடம்

நீண்ட எலும்பின் நீளத்தை மூன்று சம பாகமாகப் பிரித்து, மேல் மூன்றில் ஒரு பாகம், நடு, கீழ் என்று சொல்கிறோம். முறிவு எல்லையில் விழுந்தால் "நடுப்பாகமும் கீழ்ப்பாகமும் சேரும் இடம்" என்று எழுதலாம். கோடு நீளமாக ஓடும் முறிவில் எந்த இடத்தைக் கணக்கில் எடுப்பது என்ற குழப்பம் வரும். கோட்டின் நடுப்புள்ளி எங்கே விழுகிறதோ அதுவே இடம். நம் படத்தில் டிபியாவின் நீளம் ஏறக்குறைய 36 செ.மீ. முறிவுக் கோடு கணுக்கால் மூட்டுக்கு மேலே 9 செ.மீ. உயரத்தில் தொடங்கி 15 செ.மீ. வரை ஏறுகிறது. நடுப்புள்ளி 12 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. 36இல் மூன்றில் ஒரு பங்கு 12. ஆக, இது நடுப்பாகமும் கீழ்ப்பாகமும் சேரும் இடம்.

தண்டு எங்கே முடிகிறது, முனைப் பகுதி எங்கே தொடங்குகிறது என்பதை எப்படி முடிவு செய்வது? அதற்கு, முறிவுகளை வகைப்படுத்தும் ஏஓ முறையில் ஒரு சதுர விதி இருக்கிறது. மூட்டுப் பக்கத்தில் எலும்பு மிக அகலமாக இருக்கும் இடத்தை அளந்து, அதே அளவைப் பக்கமாகக் கொண்டு மூட்டிலிருந்து ஒரு சதுரம் வரைய வேண்டும். முறிவின் நடுப்புள்ளி சதுரத்துக்குள் விழுந்தால் அது முனைப் பகுதி முறிவு, வெளியே விழுந்தால் தண்டு முறிவு. நம் படத்தில் டிபியாவின் கீழ்முனை அகலம் 5 செ.மீ. சதுரம் மூட்டுக்கு மேலே 5 செ.மீ. வரைதான் போகிறது. 12 செ.மீ. உயரத்தில் இருக்கும் நடுப்புள்ளி சந்தேகமில்லாமல் தண்டில் இருக்கிறது.

முறிவு மூட்டின் அருகே இருந்தால், கோடு மூட்டுப் பரப்புக்குள் இறங்குகிறதா இல்லையா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். இறங்கவில்லை என்றாலும் "மூட்டுக்குள் பரவவில்லை" என்று எழுத வேண்டும். இல்லாததை இல்லை என்று எழுதினால்தான் நீங்கள் அதைப் பார்த்தீர்கள் என்று திருத்துபவருக்குத் தெரியும்.

வடிவம்

கோடு எலும்பின் நீள அச்சோடு எந்தச் சாய்வில் ஓடுகிறது என்பதே வடிவத்தின் முதல் கேள்வி. அச்சுக்குச் செங்குத்தாக ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். முறிவுக் கோடு அதிலிருந்து 30 டிகிரிக்குள் இருந்தால் குறுக்கு முறிவு. 30 டிகிரியோ அதற்கு மேலோ சாய்ந்தால் சாய்வு முறிவு. எலும்பைச் சுற்றி முறுக்கிக்கொண்டு ஏறினால் சுருள் முறிவு, அதாவது ஸ்பைரல்.

சாய்வையும் சுருளையும் பிரித்துப் பார்ப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சாய்வு முறிவு தட்டையான ஒரு வெட்டு. சரியான கோணத்திலிருந்து பார்த்தால் எலும்பின் முன்சுவர் கோடும் பின்சுவர் கோடும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து ஒரே கோடாகத் தெரியும். சுருள் முறிவில் எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் அப்படிப் பொருந்தாது. ஒரே படத்தில் முன்சுவர் கோடு ஒரு பக்கமும் பின்சுவர் கோடு வேறு பக்கமும் ஓடும். துண்டுகளின் நுனி நீண்டு, பேனா நிப்பைப் போலக் கூர்மையாக இருக்கும். எலும்பு முறுக்கப்பட்டு உடைந்தது என்பதற்கு அதுவே அடையாளம். குறுக்கு முறிவு நேரடி அடியிலோ வளைப்பிலோ வருகிறது. ஆகவே நீங்கள் எழுதும் வடிவச் சொல், அடிபட்ட விதத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

நம் படத்தில் நுனிகள் இரண்டும் நீண்டு கூர்மையாக இருக்கின்றன. கோடு 6 செ.மீ. உயரத்துக்கு முறுக்கி ஏறுகிறது. இது சுருள் முறிவு. ஃபைபுலா அதே மட்டத்தில் முறியாமல் மேலே முறிந்திருப்பதும் முறுக்கு விசையோடு பொருந்துகிறது. முழங்கால் படத்துக்குள் வந்திருக்காவிட்டால் அந்த இரண்டாவது முறிவு கண்ணில் படாமலே போயிருக்கும். இரு மூட்டும் தெரிய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

இங்கே ஒரு பொறி உண்டு. சுருள் முறிவில் முன்சுவர் கோடும் பின்சுவர் கோடும் தனித்தனியாகத் தெரிவதால், நடுவே ஒரு தனித்துண்டு இருப்பது போலத் தோன்றும். அவசரத்தில் "நொறுங்கிய முறிவு" என்று எழுதிவிடுவார்கள். உண்மையான தனித்துண்டுக்கு எல்லாப் பக்கமும் சொந்த விளிம்பு இருக்கும், இரண்டாவது படத்திலும் அது தனியாகவே தெரியும். ஒரு படத்தில் மட்டும் தெரிந்து மற்றதில் மறைந்தால் அது கோடுகளின் மேற்பொருந்தல்தான்.

உண்மையிலேயே இரண்டு துண்டுகளுக்கு மேல் இருந்தால் "நொறுங்கிய முறிவு" என்று எழுதிவிட்டு நிறுத்தாமல், துண்டுகளை ஒட்டவைத்தால் மேல்த்துண்டும் கீழ்த்துண்டும் ஒன்றையொன்று தொடுமா என்பதையும் சொல்லுங்கள். தொட்டால் நடுவில் இருப்பது ஆப்புத் துண்டு, பட்டர்ஃபிளை துண்டு என்பதும் அதுவே. தொடாவிட்டால் அது பல்துண்டு முறிவு. தண்டில் இரண்டு இடத்தில் முழுதாக முறிந்து, நடுவே ஒரு முழு உருளை தனித்து நின்றால் செக்மென்டல் முறிவு.

விலகல்: பக்க நகர்வும் நீளமும்

விலகல் என்ற சொல்லைப் பாடப்புத்தகங்கள் இரண்டு பொருளில் பயன்படுத்துகின்றன. விரிந்த பொருளில் பக்க நகர்வு, நீள மாற்றம், கோணல், சுழற்சி நான்கும் விலகல்தான். குறுகிய பொருளில் பக்க நகர்வு மட்டும். இந்த வேறுபாடு தெரியாமல், துண்டுகள் பக்கவாட்டில் நகராத ஆனால் 20 டிகிரி கோணிய முறிவை "விலகாத முறிவு" என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் உண்டு. நான்கும் இல்லாதபோது மட்டுமே "விலகாத முறிவு" என்று எழுதுங்கள்.

பக்க நகர்வை மி.மீ. கணக்கில் சொல்வதைவிட எலும்பின் அகலத்தில் எத்தனை சதவீதம் என்று சொல்வது நல்லது. எக்ஸ்ரே படம் உருவத்தைச் சற்றுப் பெரிதாக்கும். சதவீதத்தில் இரண்டு அளவும் ஒரே அளவுக்குப் பெரிதாவதால் அந்தப் பிழை அடிபட்டுப் போகிறது. முறிவு இடத்தில் தண்டின் அகலத்தை அளந்து, கீழ்த்துண்டின் ஓரம் மேல்த்துண்டின் ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நம் ஏபி படத்தில் தண்டின் அகலம் 25 மி.மீ. கீழ்த்துண்டு 8 மி.மீ. வெளிப்புறம் தள்ளியிருக்கிறது. 8ஐ 25ஆல் வகுத்தால் ஏறக்குறைய 30 சதவீதம். லேட்டரல் படத்தில் 5 மி.மீ. பின்னால் போயிருக்கிறது, அது 20 சதவீதம்.

எந்தப் பக்கம் வெளிப்புறம் என்பதில் பதற்றத்தில் தவறு நேரும். படம் உங்களைப் பார்த்து நிற்கும் நோயாளியைப் போல மாட்டப்பட்டிருப்பதால், வலது காலின் வெளிப்புறம் உங்கள் இடக்கைப் பக்கம் வரும். இதை மனக்கணக்காகச் செய்யாமல் படத்திலேயே அடையாளம் தேடுங்கள். காலில் ஃபைபுலா இருக்கும் பக்கம் வெளிப்புறம். முன்கையில் இந்தச் சிக்கலையே தவிர்க்கலாம்: ரேடியஸ் பக்கம், அல்னா பக்கம், உள்ளங்கைப் பக்கம், புறங்கைப் பக்கம் என்று எழுதினால் கையைத் திருப்பி வைத்தாலும் பொருள் மாறாது.

நகர்வு 100 சதவீதத்தைத் தாண்டினால் துண்டுகளுக்குள் தொடுதலே இல்லை. அப்போது தசைகளின் இழுப்பில் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நீளம் குறையும். நீளக் குறைவை செ.மீ. கணக்கில் எழுதுங்கள். சுருள் முறிவில் முழு விலகல் இல்லாமலேயே துண்டுகள் கோட்டின் வழியே சறுக்கி நீளம் குறையலாம். அதை அளக்க, மேல்த்துண்டின் கூர்நுனி எந்தக் குழிக்குள் பொருந்த வேண்டுமோ அந்தக் குழிக்கும் நுனிக்கும் உள்ள தூரத்தை எலும்பின் நீள வாக்கில் அளந்தால் போதும். நம் படத்தில் அது 1 செ.மீ. துண்டுகள் ஒன்றை விட்டு ஒன்று விலகி இடைவெளி விட்டிருந்தால், அது நீள அதிகரிப்பு, டிஸ்டிராக்‌ஷன்.

கோணல்

ஐந்தில் அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான். காரணம் எளிது: ஒரே கோணலை எதிரெதிரான இரண்டு சொற்களால் அழைக்கும் வழக்கம் புழக்கத்தில் இருக்கிறது.

ஒரு பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து நடுவில் பாதி முறியுங்கள். முறிந்த இடம் உங்களுக்கு முன்னே துருத்தும்படி மடக்குங்கள். கோணத்தின் முனை முன்னோக்கி இருக்கிறது. ஆனால் பென்சிலின் கீழ் நுனி பின்னோக்கிப் போயிருக்கிறது. முனையை வைத்துச் சொல்பவர் இதை "முன் கோணல்" என்பார். கீழ்த்துண்டு சாயும் திசையை வைத்துச் சொல்பவர் "பின் கோணல்" என்பார். இருவரும் சரியாகத்தான் பார்த்தார்கள். வெறுமனே "முன் கோணல்" என்று மட்டும் எழுதினால், திருத்துபவர் எந்தப் பொருளில் எடுத்துக்கொள்வார் என்று உங்களுக்குத் தெரியாது. ஆகவே "கோணல்" என்ற சொல்லைத் திசையோடு மட்டும் ஒருபோதும் எழுதாதீர்கள். "கோண முனை முன்னோக்கி, 10 டிகிரி" என்றோ "டிஸ்டல் துண்டு 10 டிகிரி பின்னோக்கிச் சாய்ந்துள்ளது" என்றோ எழுதினால் இரண்டுக்கும் ஒரே பொருள்தான், சந்தேகத்துக்கு இடமில்லை.

ஏபி படத்தில் தெரியும் கோணலுக்கு வாரஸ், வால்கஸ் என்ற சொற்கள் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கின்றன. இரண்டுமே கீழ்த்துண்டை வைத்தே பெயர் பெற்றவை. கீழ்த்துண்டின் கீழ் முனை உடலின் நடுக்கோட்டை நோக்கிச் சாய்ந்தால் வாரஸ், நடுக்கோட்டை விட்டு வெளியே சாய்ந்தால் வால்கஸ். வால்கஸில் கோண முனை உட்புறம் பார்க்கும், வாரஸில் வெளிப்புறம் பார்க்கும்.

அளக்கும் முறை இப்படி. மேல்த்துண்டில் சில செ.மீ. இடைவெளி விட்டு இரண்டு இடங்களில் தண்டின் அகலத்தின் நடுப்புள்ளியைக் குறித்து, இரண்டையும் சேர்த்துக் கோடு போடுங்கள். அது மேல்த்துண்டின் அச்சு. அதே போல் கீழ்த்துண்டுக்கும் ஓர் அச்சு. மேல் அச்சைக் கீழே நீட்டுங்கள். நீட்டிய கோட்டுக்கும் கீழ் அச்சுக்கும் இடையே உள்ள கோணமே கோணல். நம் ஏபி படத்தில் அது 8 டிகிரி, கீழ் முனை வெளியே சாய்ந்திருக்கிறது, எனவே வால்கஸ். கோணமானியைத் தவறான பக்கம் வைத்து அளந்தால் 172 வரும். "172 டிகிரி கோணல்" என்று எழுதினால் எலும்பு தன் மீதே மடிந்து கிடக்கிறது என்று ஆகிவிடும். அப்படி ஓர் எண் வந்தால் 180இலிருந்து கழியுங்கள்.

லேட்டரல் படத்தில் கோண முனை முன்னோக்கி 10 டிகிரி. இரண்டு படங்களிலும் கோணல் இருந்தால், உண்மையான கோணல் இரண்டையும்விடப் பெரிது என்பதை நினைவில் வையுங்கள். எலும்பு இரண்டு தளங்களுக்கும் நடுவே, படம் எடுக்காத ஒரு சாய்ந்த தளத்தில் கோணியிருக்கிறது. சிறிய கோணங்களுக்கு, இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய உண்மை அளவு கிடைக்கும்: 64 கூட்டல் 100, அதன் வர்க்கமூலம் கிட்டத்தட்ட 13 டிகிரி. விடையில் இந்தக் கணக்கை எழுத வேண்டியதில்லை. இரண்டு படங்களின் அளவையும் தனித்தனியாக, எந்தப் படம் என்ற பெயரோடு எழுதினாலே போதும்.

பக்க நகர்வையும் கோணலையும் ஒன்றாகக் குழப்புவது இன்னொரு வழக்கமான தவறு. அச்சுகள் இரண்டும் இணையாக, ஆனால் தள்ளித் தள்ளி ஓடினால் அது பக்க நகர்வு. அச்சுகள் இணையாக இல்லாமல் சந்தித்தால் அது கோணல். நம் படத்தைப் போல இரண்டும் சேர்ந்தும் வரலாம், எதிர்த் திசைகளிலும் வரலாம். ஒன்றைப் பார்த்து மற்றதை ஊகிக்க முடியாது.

சுழற்சி

சுழற்சி என்றால் கீழ்த்துண்டு தன் நீள அச்சைச் சுற்றித் திரும்பியிருப்பது. எக்ஸ்ரே ஒரு நிழல் என்பதால் இந்தத் திருப்பம் நேராகத் தெரியாது, அடையாளங்களைக் கொண்டு கண்டுபிடிக்க வேண்டும். நம்பத்தக்க அடையாளம், ஒரே படத்தில் இரண்டு மூட்டுகளும் ஒரே திசையைப் பார்க்கின்றனவா என்பது. நம் ஏபி படத்தில் முழங்கால் நேர் முன்பார்வையில் இருக்கிறது, முழங்கால் சில்லு நடுவில் அமர்ந்திருக்கிறது. கீழே கணுக்காலில், வழக்கமான முன்பார்வையில் தெரிவதைவிட அதிகமாக ஃபைபுலா டிபியாவின் நிழலுக்குள் மறைந்திருக்கிறது. கால் வெளியே திரும்பும்போது ஃபைபுலா டிபியாவின் பின்னால் போய்விடும். ஆகவே டிஸ்டல் துண்டு வெளிப்புறமாகச் சுழன்றிருக்கிறது. உள்ளே சுழன்றிருந்தால் ஃபைபுலா விலகித் தனியாகத் தெரிந்திருக்கும்.

இதை ஒரே படத்துக்குள்தான் பார்க்க வேண்டும். முழங்காலை ஒரு படத்திலும் கணுக்காலை வேறொரு படத்திலும் பார்த்துச் சுழற்சி என்று முடிவு கட்டினால், இரண்டு படங்களுக்கும் நடுவே காலைத் திருப்பி வைத்ததைச் சுழற்சி என்று எழுதியவராவீர்கள்.

இரண்டாவது அடையாளம் முறிவு இடத்திலேயே கிடைக்கும். டிபியாவின் தண்டு குறுக்கே வெட்டினால் வட்டமாக இருக்காது, முக்கோணமாக இருக்கும். ஒரு துண்டு திரும்பினால் அதன் நிழலின் அகலம் மாறும், புறச்சுவரின் தடிமனும் மாறித் தெரியும். கோட்டுக்கு மேலே அகலம் ஒன்றாகவும் கீழே வேறாகவும் இருந்தால் சுழற்சியைச் சந்தேகியுங்கள். ஆனால் எவ்வளவு டிகிரி என்று சாதாரணப் படத்திலிருந்து எண் எழுதாதீர்கள். அது படத்தில் இல்லாத தகவல். "டிஸ்டல் துண்டு வெளிப்புறம் சுழன்றுள்ளது, அளவை மறுகாலோடு ஒப்பிட்டு மருத்துவப் பரிசோதனையாலோ இரு கால் சிடியாலோ உறுதிசெய்ய வேண்டும்" என்று எழுதுவதே நேர்மையான விடை.

விரல் எலும்புகளில் படம் இன்னும் குறைவாகவே உதவும். விரலை நீட்டி வைத்தால் சுழற்சி மறைந்துவிடும். மடக்கச் சொன்னால் முறிந்த விரல் பக்கத்து விரலின் மேல் ஏறும். மெட்டாகார்ப்பல் முறிவு பற்றிய கேள்வியில் இந்தப் பரிசோதனையை ஒரு வரி எழுதினால், சுழற்சியைப் பற்றி நீங்கள் யோசித்தீர்கள் என்பது தெரிந்துவிடும்.

ஐந்தையும் சேர்த்து எழுதினால்

நம் படத்துக்கான விடை இது:

"வளர்ந்த நோயாளியின் வலது காலின் ஏபி, லேட்டரல் எக்ஸ்ரே, முழங்காலும் கணுக்காலும் அடங்கியுள்ளன, வளர்ச்சித் தட்டுகள் மூடிவிட்டன. டிபியா தண்டின் நடு, கீழ்ப் பாகங்கள் சேரும் இடத்தில், கணுக்கால் மூட்டுக்கு 12 செ.மீ. மேலே மையம் கொண்ட சுருள் முறிவு, தனித்துண்டு இல்லை, மூட்டுக்குள் பரவவில்லை. டிஸ்டல் துண்டு வெளிப்புறமாக 30 சதவீதமும் பின்புறமாக 20 சதவீதமும் நகர்ந்துள்ளது, 1 செ.மீ. நீளக் குறைவு. ஏபி படத்தில் 8 டிகிரி வால்கஸ். லேட்டரல் படத்தில் கோண முனை முன்னோக்கி 10 டிகிரி. டிஸ்டல் துண்டு வெளிப்புறம் சுழன்றுள்ளது, அளவை மறுகாலோடு ஒப்பிட்டு மருத்துவப் பரிசோதனையாலோ இரு கால் சிடியாலோ உறுதிசெய்ய வேண்டும். ஃபைபுலாவின் கழுத்துக்குக் கீழே ஒரு முறிவும் உண்டு. மென்திசுவில் காற்று தெரியவில்லை. தோல் திறந்துள்ளதா என்பதைப் பரிசோதித்துச் சொல்ல வேண்டும்."

இறுதி வரியைக் கவனியுங்கள். திறந்த முறிவா மூடிய முறிவா என்பதை எக்ஸ்ரே தீர்மானிப்பதில்லை, தோல்தான் தீர்மானிக்கிறது. படத்தில் காற்று இல்லாததால் மட்டும் மூடிய முறிவு என்று எழுதக் கூடாது. இன்னொன்றையும் இந்த வகை முறிவில் தேடிப் பாருங்கள்: டிபியாவின் கீழ்ப்பாகச் சுருள் முறிவோடு கணுக்காலின் பின் மேலியோலஸ் முறிவும் சேர்ந்து வருவது அடிக்கடி நடக்கிறது. முதல் முறிவு கண்ணைப் பறிப்பதால் அது தப்பிவிடும். லேட்டரல் படத்தில் கணுக்காலின் பின் ஓரத்தைத் தனியாக ஒரு முறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மூட்டருகே வந்தால் பூஜ்யம் எங்கே

தண்டில் கோணலின் தொடக்கப்புள்ளி நேர்கோடு, அதாவது பூஜ்யம் டிகிரி. மூட்டருகே அப்படி இல்லை. தேர்வில் அடிக்கடி வரும் கோலிஸ் முறிவை எடுத்துக்கொள்வோம். ரேடியஸின் கீழ் மூட்டுப் பரப்பு இயல்பிலேயே உள்ளங்கைப் பக்கம் ஏறக்குறைய 11 டிகிரி சாய்ந்திருக்கிறது. முறிவுக்குப் பின் லேட்டரல் படத்தில் அதே பரப்பு புறங்கைப் பக்கம் 15 டிகிரி சாய்ந்திருந்தால், டிஸ்டல் துண்டு உண்மையில் 26 டிகிரி திரும்பியிருக்கிறது. விடையில் "மூட்டுப் பரப்பு புறங்கைப் பக்கம் 15 டிகிரி சாய்வு (இயல்பு: உள்ளங்கைப் பக்கம் 11)" என்று அடிப்படையோடு சேர்த்து எழுதினால் இரண்டு கணக்கும் திருத்துபவருக்குக் கிடைத்துவிடும். மூட்டுப் பரப்பு பூஜ்யம் டிகிரியில் நேராக நிற்கும் படத்தைப் பார்த்து "கோணல் இல்லை" என்று எழுதுபவர், 11 டிகிரி கோணலைத் தவறவிட்டவர்.

பென்சில் குழப்பம் இங்கேயும் உண்டு. கோலிஸில் துண்டு புறங்கைப் பக்கம் சாய்கிறது, கோண முனை உள்ளங்கைப் பக்கம் பார்க்கிறது. ஸ்மித் முறிவில் இரண்டும் தலைகீழ். "புறங்கைக் கோணல்" என்ற ஒற்றைச் சொல்லைப் படிப்பவர் அதைக் கோலிஸ் என்றும் எடுக்கலாம், ஸ்மித் என்றும் எடுக்கலாம். "டிஸ்டல் துண்டு புறங்கைப் பக்கம் சாய்ந்துள்ளது" என்று எழுதினால் அது கோலிஸ் மட்டுமே.

ஃபீமரின் தண்டு இயல்பாகவே முன்னோக்கிச் சற்று வளைந்திருக்கும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நீளமான அச்சுக் கோடு போட்டு அந்த வளைவையும் கோணலாக எண்ணிவிடாமல் இருக்க, முறிவுக்கு மேலும் கீழும் கிட்டத்து நடுப்புள்ளிகளை வைத்தே அச்சு வரையுங்கள். சந்தேகமிருந்தால் மறுகாலின் படத்தோடு ஒப்பிடலாம்.

பழகும்போது இப்படிச் செய்து பாருங்கள். படத்தைக் காட்டாமல் உங்கள் விடையை மட்டும் உடன் படிப்பவரிடம் கொடுத்து, முன்பார்வை ஒன்று, பக்கப்பார்வை ஒன்று என இரண்டு கட்டங்களில் வரையச் சொல்லுங்கள். அவர் பென்சிலை நிறுத்தி "எந்தப் பக்கம்?" என்று கேட்கும் இடத்தில் எழுவாயோ திசையோ விடுபட்டிருக்கும். "எந்தப் படத்தில்?" என்று கேட்டால் பார்வையின் பெயர் விடுபட்டிருக்கும். கேள்வி கேட்காமல் வரைந்து முடித்த பிறகு படத்தோடு ஒப்பிட்டு, கோணல் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தால், முனையா சாய்வா என்று சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள்.